கரண்ட் வந்துவிட்டது, நெட் வரவில்லை: எல்லாப் பெட்டியிலும் விளக்கு எரிகிறது, எது எழுந்திருக்கவில்லை?

தூங்காவிழி

மதியம் இரண்டு மணி நேரம் மின்தடை. கரண்ட் வந்து மூன்று மணி நேரம் ஆகிறது, நெட் இன்னும் வரவில்லை. வீட்டில் இருக்கும் வரிசை இதுதான்: சுவரிலிருந்து வரும் ஃபைபர் ஒயர் ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் போகிறது (நிறுவனம் கொடுத்தது), அங்கிருந்து லேன் கேபிள் என் ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து எட்டு போர்ட் ஸ்விட்ச், ஸ்விட்சிலிருந்து மாடியில் இன்னொரு வைஃபை பெட்டி.

எல்லாவற்றிலும் விளக்கு எரிகிறது. போனில் வைஃபை இணைந்திருக்கிறது, ஆனால் "இணையம் இல்லை" என்கிறது. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டேன். நிறுவனத்துக்குப் போன் செய்தால் "உங்கள் பகுதியில் பிரச்சினை எதுவும் இல்லை" என்று பதிவு செய்த குரல்தான் வருகிறது. புதிதாக ரவுட்டர் வாங்க வேண்டுமா?

மாலைக்கதிர்

வாங்க வேண்டாம். ஏற்றும் வரிசையில் தவறு. எல்லாவற்றையும் பிளக்கிலிருந்து பிடுங்குங்கள். முதலில் வெள்ளைப் பெட்டி மட்டும், இரண்டு நிமிடம் காத்திருங்கள். அப்புறம் ரவுட்டர், அப்புறம் ஸ்விட்ச், கடைசியில் மாடி. கரண்ட் திரும்பும்போது எல்லாம் ஒரே நொடியில் எழும், ரவுட்டர் முந்திக்கொள்ளும், வெள்ளைப் பெட்டி இன்னும் தயாராக இருக்காது. ரவுட்டர் கேட்டுப் பார்த்துவிட்டு ஓய்ந்துவிடும். எனக்கு ஒவ்வொரு மின்தடைக்கும் இதே கதைதான்.

தூங்காவிழி

செய்தேன். இரண்டு நிமிடம் அல்ல, ஐந்து நிமிடம் விட்டேன். மாற்றம் இல்லை.

புதுக்கணினி

எனக்கும் இதே பிரச்சினை! கீழே நன்றாக வருகிறது, மாடியில் மட்டும் வராது. மாடிப் பெட்டிக்கு லேன் கேபிள் வழியாகவே கரண்ட் போகிறது, நடுவில் ஒரு சின்ன கறுப்புப் பெட்டி இருக்கிறது. மின்தடைக்குப் பிறகு அதன் பிளக்கைக் கழற்றி மாட்டினால்தான் மாடி எழும். நீங்களும் அதைப் பாருங்கள்.

கம்பிக்காரர்

புதுக்கணினி, உங்களுடையது வேறு கதை. அவருக்குக் கீழேயும் இல்லை. மாடி ஒரு கிளை மட்டும்தான், அது செத்தாலும் கீழே நெட் வரவேண்டும்.

தூங்காவிழி, இனி எதையும் அணைத்துப் போட வேண்டாம். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் தடயத்தை நீங்களே அழித்துவிடுகிறீர்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஒரு மடிக்கணினியை ரவுட்டரில் நேராகக் கேபிளால் மாட்டுங்கள். வைஃபை, ஸ்விட்ச், மாடி மூன்றையும் கணக்கிலிருந்து தள்ளத்தான் இது. அப்புறம் இந்த மூன்றையும் வரிசையாகப் போடுங்கள்:

```
ipconfig
ping 192.168.1.1
ping 8.8.8.8
```

முதலாவதில் உங்கள் கணினிக்கு என்ன முகவரி வந்திருக்கிறது என்று சொல்லுங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரே முகவரி கொடுக்கவில்லை என்று பொருள், அப்போது வெளியே தேட வேண்டியதில்லை. இரண்டாவதில் உங்கள் ரவுட்டரின் முகவரி வேறாக இருந்தால் அதைப் போடுங்கள், ipconfig காட்டும் Default Gateway தான் அது.

தூங்காவிழி

முகவரி 192.168.1.23. ரவுட்டருக்கு பிங் உடனே பதில் வருகிறது, ஒரு மில்லி நொடிக்கும் குறைவு. 8.8.8.8-க்கு ஒன்றுமே வரவில்லை.

கம்பிக்காரர்

நல்லது, பாதி வீடு கழிந்தது. ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, உள்பக்கம் வேலை செய்கிறது. அறுந்திருப்பது ரவுட்டரின் வெளிவாசலுக்கு அப்பால். அதாவது ரவுட்டரின் WAN போர்ட், அந்த ஒன்றரை அடி கேபிள், வெள்ளைப் பெட்டி, ஃபைபர், அதற்குப் பின்னால் நிறுவனம்.

இப்போது உலாவியில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து WAN நிலை என்ன என்று பாருங்கள். பதிவேடு (லாக்) இருந்தால் அதையும் கொஞ்சம் இங்கே ஒட்டுங்கள்.

வெண்புறா

நடுவில் குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். 8.8.8.8-க்குப் பதில் வந்து, இணையதளம் மட்டும் திறக்காமல் இருந்திருந்தால் என் கதையாகியிருக்கும். விளம்பரத்தைத் தடுக்க என்று ஒரு சின்னக் கணினியை வீட்டு டிஎன்எஸ் ஆக வைத்திருந்தேன். மின்தடையில் அதன் மெமரி கார்டு கெட்டு, அது பூட் ஆகவே இல்லை. ரவுட்டர், ஃபைபர் எல்லாம் சரி, ஆனால் வீட்டில் எல்லோரும் "நெட் இல்லை" என்றார்கள். வரிசையில் ஐந்து பெட்டிகளைத் துருவித் துருவிப் பார்த்தேன், அது வரிசையில் இல்லாமல் ஓரமாக அலமாரிக்குப் பின்னால் கிடந்தது. கண்டுபிடித்தது இதை வைத்துத்தான்:

```
nslookup wikipedia.org
nslookup wikipedia.org 8.8.8.8
```

முதலாவது தொங்கியது, இரண்டாவது உடனே பதில் சொன்னது. தூங்காவிழிக்கு இது இல்லை என்று தெரிகிறது, பின்னால் வருகிறவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

தூங்காவிழி

WAN நிலை: முகவரி 0.0.0.0. லாக்கில் இதே இரண்டு வரிதான் திரும்பத் திரும்ப வருகிறது:

```
Jan  1 00:03:12  WAN link up
Jan  1 00:03:19  WAN link down
Jan  1 00:03:58  WAN link up
Jan  1 00:04:05  WAN link down
```

தேதி ஜனவரி ஒன்று என்று காட்டுகிறதே, ரவுட்டர் கெட்டுப்போனதற்கு அடையாளமா?

கம்பிக்காரர்

தேதியை விடுங்கள். பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, நெட் வந்த பிறகுதான் நேரம் கேட்டுத் தெரிந்துகொள்ளும். நெட் இல்லாத ரவுட்டருக்கு எப்போதும் ஜனவரி ஒன்றுதான்.

உங்கள் லாக்கில் பொன் இருக்கிறது. `WAN link` என்பது நிறுவனத்துடன் உள்ள இணைப்பு அல்ல. அந்தச் சின்னக் கேபிளின் மறுமுனையில் உயிருள்ள ஏதோ ஒன்று சிக்னல் கொடுக்கிறதா என்பது மட்டும்தான். அது ஏழு நொடி வருகிறது, போகிறது. அடுத்து வருவது சரியாக 46 நொடி கழித்து. 3:12, 3:58. கேபிள் தளர்ந்திருந்தால் இப்படிக் கடிகாரம் போல் வராது, கண்டபடி வரும். நிறுவனத்தின் பக்கம் கோளாறு என்றால் இந்த லிங்க் விழவே விழாது, உங்கள் வெள்ளைப் பெட்டி அமைதியாக எரிந்துகொண்டிருக்கும், முகவரி மட்டும் வராது.

கடிகாரம் போல் வந்து போவது ஒன்றைத்தான் சொல்கிறது: வெள்ளைப் பெட்டி எழுகிறது, விழுகிறது, மறுபடி எழுகிறது. ஒரு நாற்காலியைப் போட்டு அதன் முன்னால் மூன்று நிமிடம் உட்காருங்கள். எதையும் தொடாதீர்கள். எந்த விளக்கு எந்த நொடியில் என்ன செய்கிறது என்று எழுதுங்கள்.

மாலைக்கதிர்

எல்லா விளக்கும் எரிகிறது என்று முதலிலேயே சொல்லிவிட்டாரே?

கம்பிக்காரர்

எரிகிறது என்று ஒரு பார்வையில் சொன்னார். 46 நொடியில் அரை நொடி அணைந்தால் ஒரு பார்வையில் யாருக்குத் தெரியும்?

தூங்காவிழி

உட்கார்ந்தேன். அறை விளக்கை அணைத்துவிட்டு, போனில் நொடி எண்ணிக்கொண்டே பார்த்தேன்.

0: POWER மட்டும். சுமார் 20: PON சிமிட்ட ஆரம்பிக்கிறது. 38 அல்லது 39: LAN எரிகிறது, PON இன்னும் சிமிட்டிக்கொண்டே. 45, 46: எல்லா விளக்கும் ஒரே சமயத்தில் பொட்டென்று அணைந்து, உடனே POWER மட்டும் வருகிறது. கண் சிமிட்டும் நேரம்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து. நான்கு முறை பார்த்தேன், நான்கு முறையும் அதே இடத்தில். LOS எப்போதுமே எரியவில்லை.

மூன்று மணி நேரமாக இந்தப் பக்கமாகப் போய் வந்திருக்கிறேன், ஒரு தடவைகூடக் கண்ணில் படவில்லை.

கம்பிக்காரர்

LOS எரியவில்லை என்றால் ஃபைபரில் ஒளி வருகிறது. கண்ணாடி இழை உடைந்திருந்தாலோ இணைப்பு கழன்றிருந்தாலோ அது சிவப்பாகச் சிமிட்டியிருக்கும். PON சிமிட்டுவது மறுமுனையோடு பேசிப் பதிவு செய்ய முயல்வது. பதிவானதும் அசையாமல் எரியும். உங்கள் பெட்டி அந்த இடத்துக்குப் போகும் முன்பே ஒவ்வொரு முறையும் விழுந்துவிடுகிறது.

இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். பெட்டிக்குள் மென்பொருள் கெட்டிருப்பது ஒன்று. அடாப்டர் இன்னொன்று. நான் பார்த்த வரையில் மின்தடைக்குப் பிறகு இப்படி விழுந்து எழுந்தால் அடாப்டர்தான் முதல் சந்தேகம். பெட்டி தொடங்கும்போது குறைவாகத்தான் இழுக்கும். லேசர் பேச ஆரம்பித்து, லேன் போர்ட்டும் விழித்து, வைஃபை இருந்தால் அதுவும் சேரும்போது மின்னோட்டம் ஏறும். களைத்த அடாப்டர் அந்த இடத்தில் தாங்காது, மின்னழுத்தம் சரியும், பெட்டி ரீசெட் ஆகும். விளக்குக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போதும் என்பதால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும்.

தூங்காவிழி

ஆனால் நேற்று வரை மாதக்கணக்கில் நிற்காமல் ஓடியதே? மின்தடையில் அடாப்டர் எரிந்ததா?

கம்பிக்காரர்

எரிந்தது என்று சொல்ல முடியாது. உள்ளே மின்தேக்கிகள் இருக்கின்றன, அவற்றில் உள்ள திரவம் வருடக்கணக்கில் காய்ந்துகொண்டே வரும். அப்படிப்பட்ட மின்தேக்கி சூடாக இருக்கும்போது எப்படியோ சமாளிக்கும். குளிர்ந்தால் அதன் உள்தடை ஏறும். நிற்காமல் ஓடும் அடாப்டர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் நோய் தெரியாது. இரண்டு மணி நேரம் ஆறிப்போன பிறகு முதல் தடவை எழச் சொன்னால் எழ முடியாது. கரண்ட் திரும்பும்போது வந்த அடி ஒன்றும் சேர்ந்திருக்கலாம். எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

ஒத்தையடி

அடாப்டர்தான் என்றால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே. லேபிளில் 12 வோல்ட் என்று இருந்து மீட்டர் 12 காட்டினால் அடாப்டர் நலம், பெட்டி காலி. இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

தூங்காவிழி

பார்த்தேன் ஒத்தையடி. அடாப்டர் லேபிள் 12V 1A. மீட்டர் 12.1 காட்டுகிறது. அப்போ பெட்டிதானா?

கம்பிக்காரர்

அவசரப்படாதீர்கள். அந்த 12.1 சுமை இல்லாமல் எடுத்தது. அடாப்டரின் முனை காற்றில் தொங்கும்போது மின்னோட்டம் கிட்டத்தட்ட பூஜ்யம். பாரம் ஏற்றாத வண்டியைப் பார்த்து அச்சு உறுதியாக இருக்கிறது என்று சொல்வது போல. மீட்டர் 12 காட்டவில்லை என்றால் அடாப்டர் போச்சு என்று உறுதியாகச் சொல்லலாம், காட்டினால் ஒன்றும் சொல்ல முடியாது. ஒத்தையடி சொன்னதில் பாதி சரி.

உங்கள் ரவுட்டர் அடாப்டரின் லேபிளில் என்ன எழுதியிருக்கிறது?

தூங்காவிழி

12V 1.5A. முனை அளவு ஒன்றுபோல்தான் தெரிகிறது. இரண்டிலும் அந்த வட்டப் படத்தில் நடுவில் கூட்டல் குறி.

ஒத்தையடி

ஐயோ, மாட்டிவிடாதீர்கள்! ஒரு ஆம்பியர் பெட்டிக்கு ஒன்றரை ஆம்பியர் கொடுத்தால் எரிந்துபோகும். என் மாமா ஒருவர் இப்படித்தான் ஒரு பெட்டியைக் கொளுத்தினார்.

கம்பிக்காரர்

மாமா வோல்ட்டை மாற்றியிருப்பார், அல்லது முனையின் கூட்டல் கழித்தல் மாறியிருக்கும். ஆம்பியர் என்பது அடாப்டரால் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற உச்சவரம்பு. பெட்டி தனக்கு வேண்டியதை மட்டும் இழுத்துக்கொள்ளும். வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும், நடுமுனையின் குறி ஒன்றாக இருக்க வேண்டும், முனை ஆட்டமில்லாமல் உட்கார வேண்டும், ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். 9 வோல்ட் அடாப்டர்களும் பார்க்க இதே போல்தான் இருக்கும், லேபிளைப் படிக்காமல் மாட்டுவதுதான் ஆபத்து. உங்கள் இரண்டு லேபிளும் பொருந்துகின்றன.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரவுட்டரை அணைத்துவிடுங்கள். அதன் அடாப்டரை வெள்ளைப் பெட்டியில் மாட்டுங்கள். மறுபடி அதே நாற்காலி, அதே நொடிக் கணக்கு. நெட் வருகிறதா என்று இப்போது பார்க்காதீர்கள், ரவுட்டர் இல்லாமல் எப்படியும் வராது. PON அசையாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தூங்காவிழி

46 நொடி கடந்துவிட்டது, அணையவில்லை! 70 நொடி வாக்கில் PON சிமிட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே பச்சையாக நின்றுவிட்டது. பத்து நிமிடமாக நிற்கிறது.

மாலைக்கதிர்

அடேயப்பா. ஒத்துக்கொள்கிறேன், வரிசை அல்ல. ஆனால் எனக்கு வரிசை மாற்றினால் வேலை செய்கிறதே, அது எப்படி?

கம்பிக்காரர்

உங்கள் வீட்டில் அது நிஜமாகவே நடக்கலாம். சில பெட்டிகள் தங்களிடம் முதலில் பேசிய சாதனத்தின் வன்பொருள் முகவரியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்து வருபவருக்கு முகவரி தராது. சில ரவுட்டர்கள் இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு நீண்ட நேரம் தூங்கிவிடும். ஆனால் நன்றாக எழுதப்பட்ட ரவுட்டர் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும், பத்து நிமிடம் பொறுத்தாலே தானாக வரவேண்டும். அடுத்த மின்தடையில் எதையும் பிடுங்காமல் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள், வரிசையா பொறுமையா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றும் யோசியுங்கள். அணைத்து அணைத்துப் போடும்போது உங்கள் அடாப்டரும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறுகிறது. மூன்றாவது தடவை எழுந்தால் அது வரிசையால்தான் என்று எப்படித் தெரியும்?

மாலைக்கதிர்

இப்போது என் அடாப்டரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

தூங்காவிழி

மறுநாள். கைவசம் இருந்த வேறு ஒரு 12V 1.5A அடாப்டரை வெள்ளைப் பெட்டிக்குக் கொடுத்தேன், ரவுட்டருக்கு அதனுடையதே. PON அசையாமல் நின்றது, ரவுட்டர் எழுந்தது, அதன் WAN விளக்கும் அசையாமல் எரிந்தது. ஆனாலும் நெட் உடனே வரவில்லை! லாக்கில் இணைப்பு கேட்டுக் கேட்டுப் பார்த்தது. ஏறக்குறைய ஏழு நிமிடம் கழித்துத் தானாக வந்துவிட்டது. நான் எதையும் தொடவில்லை, சத்தியமாக. அந்த ஏழு நிமிடம் எதற்கு?

கம்பிக்காரர்

நிறுவனத்தின் பக்கம் உங்கள் பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகப் பதிவு இருந்தால், அது காலாவதி ஆகும் வரை புதிய இணைப்பை மறுப்பது வழக்கம். ஆனால் உங்களுடையது நேற்று மதியமே அறுந்தது, இவ்வளவு நேரம் பழையது நிற்காது. நேற்று இரவு சோதனையில் ரவுட்டர் இணைக்கப்பட்டிருக்கவும் இல்லை. எனக்கு விளங்கவில்லை. முழு லாக் இருந்தால் பார்க்கலாம்.

தூங்காவிழி

லாக் போச்சு. அடுப்படியில் மிக்சியைப் போட்டதும் அந்த வரிசைப் பிளக் எல்லாம் டிரிப் ஆகி, ரவுட்டர் மறுபடி எழுந்துவிட்டது. இந்த முறை இரண்டு நிமிடத்தில் நெட் வந்தது.

வெண்புறா

டிரிப் ஆனதா? அதையும் கொஞ்சம் பாருங்கள் தோழரே, அது தனி இழைக்குரிய விஷயம்.

தூங்காவிழி

பார்க்கிறேன். அப்புறம் கம்பிக்காரர் ஐயா, ஒரு சோதனை செய்தேன். பழைய அடாப்டரில் வண்டி இண்டிகேட்டர் பல்பு ஒன்றை மாட்டினேன், 12 வோல்ட் 5 வாட். அது பிடித்து எரியாமல் மினுக்மினுக்கென்று அடித்துக்கொண்டே இருந்தது. அதே பல்பை ரவுட்டர் அடாப்டரில் மாட்டினால் அசையாமல் எரிகிறது. இது சரியான சோதனையா?

கம்பிக்காரர்

பிரமாதம். 5 வாட் என்றால் 0.4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், ஒரு ஆம்பியர் அடாப்டருக்குப் பாதிச் சுமைகூட இல்லை. குளிர்ந்த இழை முதல் கணத்தில் பல மடங்கு இழுக்கும் என்பதால் நல்ல அடாப்டரும் ஒரு முறை தடுமாறலாம், ஆனால் உடனே நிலைத்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தீர்களே, அதனால்தான் இந்தச் சோதனை நம்பத்தக்கது.

ஒத்தையடி

சரி, மீட்டர் விஷயத்தில் தோற்றேன். அந்த அடாப்டரைத் திறந்து மின்தேக்கி உப்பியிருக்கிறதா என்று பாருங்களேன்.

கம்பிக்காரர்

பிளக்கிலிருந்து எடுத்த உடனே திறக்க வேண்டாம். உள்ளே பெரிய மின்தேக்கியில் 230 வோல்ட் மின்சாரம் இருக்கும் இடங்களில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கும், அது கையை விடாது. உப்பாமல் இருந்தாலும் காய்ந்திருக்கலாம், உப்பினால் உறுதி. பார்த்துத் தெரிந்துகொள்ள அதிகம் இல்லை.

தூங்காவிழி

திறக்கவில்லை. ஆனால் இன்று காலை ஒரு வேடிக்கை. அந்தப் பழைய அடாப்டரை மேசையில் மடிக்கணினியின் சூடான பின்பக்கத்தின் மேல் மறந்து வைத்திருந்தேன். அரை மணி கழித்து எடுத்துப் பல்பை மாட்டினேன். இரண்டு மூன்று முறை மினுக்கிவிட்டு எரிந்தது. பத்து நிமிடம் எரிந்துகொண்டே இருந்தது.

மாலைக்கதிர்

ஆமாம், அப்போ அது நல்லதா கெட்டதா?